மகம் இரண்டாம் திகதியா, மூன்றாம் திகதியா?

2026 மார்ச் 2 திங்கட்கிழமை இலங்கையில் மெதின் போயா விடுமுறை. அன்று கண்டியில் சூரியன் உதிக்கும்போது ஆயிலியம். காலை ஏழே முக்கால் அளவில்தான் மகம் பிறக்கிறது. மறுநாள் செவ்வாய் காலை ஏழரை அளவில் மகம் முடிந்து பூரம் வந்துவிடுகிறது. செவ்வாய் சூரிய உதயம் ஆறு இருபதை ஒட்டி வருவதால், அந்த உதயத்துக்குப் பிறகு மகம் மிஞ்சியிருப்பது ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான். நிலவு சரியாக முழுமையடைவதோ போயா நாளில் அல்ல, செவ்வாய் மாலை ஐந்து மணி தாண்டி, அதுவும் கிரகணத்தோடு. கண்டி மலைகளுக்கு மேல் நிலவு தலைகாட்டும்போது பூமியின் நிழல் இன்னும் அதன்மேல் கிடக்கிறது, ஏழு மணிக்குள் விலகிவிடுகிறது. இப்போது சொல்லுங்கள், அந்த ஆண்டு மாசி மகம் எந்த நாள்? உதயத்தில் நிற்கும் நட்சத்திரமே நாளின் நட்சத்திரம் என்பவருக்குச் செவ்வாய். பகலும் இரவும் எது அதிக நேரம் நிற்கிறதோ அதுவே என்பவருக்குத் திங்கள். இருவரும் ஒரே பஞ்சாங்கத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகப் பஞ்சரத பவனியைப் பார்க்கக் கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ புறப்படும் ஒரு தோட்டக் குடும்பத்துக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் வெறும் வானியல் அல்ல. திங்கள் என்றால் போயா விடுமுறை, செவ்வாய் என்றால் ஒரு நாள் பேர் போகும்.

கோயில் சபைக்குத் தன்னார்வமாகத் திருவிழா நிகழ்ச்சிப் பக்கம் ஒன்று செய்துதர முன்வரும் இளைஞர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கடிதங்களில் தவறாமல் வரும் ஒரு வாக்குறுதி உண்டு: "நட்சத்திரம், திதி எல்லாவற்றையும் கணினியே கணித்துக்கொள்ளும், சபை ஒன்றும் செய்யவேண்டியதில்லை." சபையைக் கவர்வதற்கு நல்ல வாக்கியம்தான். ஆனால் கடிதத்தில் முதலில் அடித்துவிடவேண்டியதும் அதுதான். திருவிழாப் பக்கத்தின் வேலை நாளைக் கணிப்பது அல்ல. குருக்களும் சபையும் கூடி எடுத்த முடிவைச் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கணிப்பு இங்கே எளிய பகுதி. முடிவு எப்போது எடுக்கப்பட்டது, எந்த விதியால், பிறகு மாறியதா என்பதைக் காப்பாற்றுவதுதான் கடினமான பகுதி, பெரும்பாலான பக்கங்கள் விழுந்துபோவதும் அங்கேதான்.

கணினி ஏன் தானாக முடிவுசெய்யக்கூடாது என்பதற்குப் பஞ்சாங்கமே சாட்சி. ஈழத்துக் கோயில்களில் இரண்டு மரபு வழங்குகிறது. கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் வாக்கியம். மட்டுவில் பஞ்சாங்கம் திருக்கணிதம். திருக்கணிதம் நிலவின் இன்றைய வானியல் நிலையைப் பின்பற்றுவது. வாக்கியம் பழைய சந்திர வாக்கியங்களில் நிற்பது. வரருசியின் பெயரால் வழங்கும் அந்த வாக்கியங்கள் 248. ஒரு நாளுக்கு ஒன்று. ஏன் 248? நிலவு பூமிக்கு மிக நெருங்கிய இடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்த நெருக்கத்துக்கு வர சுமார் 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்றுக்கு ஏறக்குறைய 248 நாள். அத்தனை நாளும் நிலவு வேகம் கூடியும் குறைந்தும் நடக்கும் நடையை வாக்கியமாக மனப்பாடம் செய்துவிட்டால், பிறகு திரும்பத் திரும்ப அதே வரிசைதான். கையில் தாள்கூட இல்லாமல் நிலவைப் பின்தொடர்ந்தவர்களின் கெட்டிக்காரத்தனம் அது. அதன் குறையும் அதே இடத்தில் இருக்கிறது. பூமியிலிருந்து உள்ள தூரத்தால் வரும் வேக மாற்றம் ஒன்றைத்தான் இந்த வரிசை பிடிக்கிறது. சூரியனும் தன் பங்குக்கு நிலவை இழுப்பதால் வரும் திருத்தங்கள் அதில் இல்லை.

இதில் சுவையான ஒன்று உண்டு. பழைய கணிதர்கள் தங்கள் அளவுகளைச் சரிபார்த்தது கிரகணங்களைக் கொண்டு. கிரகணம் வருவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே. ஆகவே அந்த இரு நாள்களை ஒட்டி வாக்கியமும் திருக்கணிதமும் பெரிதாகப் பிரிவதில்லை. அரைநிலவை நெருங்கும்போதுதான் பிரிவு வளர்கிறது. சஷ்டி, சப்தமி, அட்டமித் திதிகளில் நிலவின் இடம் இரண்டரைப் பாகை அளவுக்குக்கூட விலகலாம். திதி என்பது சூரியனிலிருந்து நிலவு பன்னிரண்டு பாகை விலகும் நேரம். ஒரு பாகைக்கு ஏறக்குறைய இரண்டு மணி. எனவே ஒரே சஷ்டி இரு பஞ்சாங்கங்களில் நான்கைந்து மணி நேரம் முன்பின்னாகத் தொடங்குவது வியப்பல்ல. கந்தசஷ்டியில் சூரன்போர் எந்த மாலையில் என்று இரண்டு கோயில்கள் வேறுபட்டால், ஒரு சபை தவறிழைத்துவிட்டது என்று பொருளல்ல. நிரலாளர் இணையத்திலிருந்து இறக்கிய கணிப்பு நூலகம் ஒன்று இந்த இரு மரபில் ஒன்றை மட்டுமே, அதுவும் பெரும்பாலும் சொல்லாமலே, தேர்ந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. திதியும் நட்சத்திரமும் நாளின் எந்தக் கணத்தில் இருக்கவேண்டும் என்பது விழாவுக்கு விழா மாறுகிறது. சிவராத்திரிக்கு நள்ளிரவில் சதுர்த்தசி வேண்டும். சூரன்போருக்கு மாலையில் சஷ்டி வேண்டும். தீர்த்தத்துக்குக் காலையைப் பார்ப்பவர்கள் பலர். அந்தந்தக் கோயிலின் பழக்கம் இதற்கு மேலும் ஒரு சுற்றுக் கட்டுகிறது. ஆகையால் "மாசி மகம்" என்ற இரண்டு சொல்லுக்குள் நட்சத்திரம், பஞ்சாங்கம், பார்க்கும் கணம், கோயில் வழக்கம் என நான்கு செய்திகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. குருக்கள் அவற்றை ஒரு பார்வையில் விரித்துவிடுவார். நிரலில் அவை நான்கும் எழுதப்படாவிட்டால், நிரல் தன் ஊகத்தை விதிபோலக் காட்டும்.

மார்ச் 2026ஐயே எடுத்து ஒரு பக்கத்தில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம். தீர்த்தம் மகத்தில், தேர் அதற்கு முந்திய நாள் என்று வைத்துக்கொண்ட பத்து நாள் மகோற்சவம் ஒன்று. கொடியேற்றம் தீர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. தீர்த்தம் செவ்வாய் 3ஆம் திகதி என்று முடிவானால் கொடியேற்றம் பெப்ரவரி 22 ஞாயிறு. திங்கள் 2ஆம் திகதி என்று முடிவானால் பெப்ரவரி 21 சனி. ஒரு நாள் நகர்ந்தால் பத்து வரிகளும் நகர்கின்றன. ஒவ்வொரு வரியின் உபயகாரரும் வேறு குடும்பம். பத்துத் திகதிகளையும் தனித்தனியே தட்டச்சு செய்தவர் ஏழை மாற்றி மூன்றை மறந்துவிடுவார், அப்படித்தான் நடக்கும். எனவே அட்டவணையில் உண்மையாகச் சேமிக்கவேண்டிய திகதி ஒன்றே ஒன்று, தீர்த்த நாள். மற்றவை "தீர்த்தத்துக்கு ஒன்பது நாள் முன்", "ஒரு நாள் முன்" என்ற எண்கள். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. செவ்வாய் மாலைக் கிரகணத்துக்காக நடை சாத்தி, பிறகு சுத்தி செய்து பூசை நடத்துவதென்றால் அந்த மாலை வரி அந்த ஆண்டின் அந்தத் திகதிக்கு மட்டும் உரியது. அதை எண்ணோடு கட்டிவிட்டால், தீர்த்தம் திங்களுக்கு மாறும்போது கிரகணமும் கூடவே திங்களுக்குப் போய்விடும்! வானத்துக்குக் கட்டுப்பட்ட வரி வேறு, விழாவுக்குக் கட்டுப்பட்ட வரி வேறு என்று பிரித்து எழுதுவது நிரலாளரின் வேலை. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாத கடிதம் கடிதமே அல்ல.

இன்னொரு சிறு இடம் நள்ளிரவு. கோயிலின் நாள் உதயத்திலிருந்து உதயம்வரை; கைபேசியின் நாள் பன்னிரண்டு மணியில் மாறிவிடும். "திங்கள் இரவு 1.00 மணிக்குச் சுவாமி இருப்பிடம் சேரும்" என்று விஞ்ஞாபனத்தில் இருந்தால் பக்தருக்குப் புரியும். அதையே கணினியில் திங்கள் 01:00 என்று பதிந்தால், பஸ்ஸுக்குத் திட்டமிடுபவர் ஒரு முழு நாள் முன்னதாக வந்து நிற்பார். "திங்கள் நள்ளிரவுக்குப் பின், செவ்வாய் அதிகாலை 1.00" என்று இரண்டு கிழமையையும் எழுதுவதுதான் தீர்வு. நீளமாக இருந்தால் இருக்கட்டும்.

முடிவு மாறக்கூடியது என்பதைக் கணினி உலகம் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. நாட்காட்டிகளை ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகப் பயன்படும் பொதுவான கோப்பு முறையில் ஒரு நிகழ்ச்சி இப்படித்தான் எழுதப்படுகிறது:

```
BEGIN:VEVENT
UID:theertham-2026@example.org
DTSTAMP:20260105T043000Z
SEQUENCE:1
DTSTART;TZID=Asia/Colombo:20260303T060000
SUMMARY:மாசி மகத் தீர்த்தம்
STATUS:TENTATIVE
END:VEVENT
```

இதில் பார்க்கவேண்டியது மூன்று வரிகளை. `UID` என்பது அந்த நிகழ்ச்சியின் நிலையான அடையாளம். திகதி மாறினாலும் அது மாறக்கூடாது. `SEQUENCE` ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்று கூடும். அதைப் பார்த்துத்தான் கைபேசி பழைய பதிவை நீக்கிப் புதியதை வைக்கும். அடையாளத்தையே மாற்றிவிட்டால் பக்தரின் கைபேசியில் இரண்டு தீர்த்தங்கள் இருக்கும், எது சரி என்று அவருக்குத் தெரியாது. மூன்றாவது `STATUS`. `TENTATIVE` என்றால் இன்னும் உறுதியாகவில்லை. சபை கையெழுத்திட்ட பிறகு அது `CONFIRMED` ஆகும். இந்த ஒரு சொல்லுக்காகவே இம்முறையைப் பரிந்துரைக்கலாம். "குருக்கள் இன்னும் சொல்லவில்லை" என்பதை நேர்மையாகச் சொல்ல இடம் தரும் அட்டவணைகள் குறைவு. நேரவலயத்தையும் ஊர்ப் பெயரோடு எழுதுவது காரணத்தோடுதான்: இலங்கையின் கடிகாரம் 1996இல் ஒரே ஆண்டில் இருமுறை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரை மணிக்கு வந்தது. பழைய அட்டவணைகளின் மணியை அப்படியே எடுத்துப் போடுபவர் இதை மறக்கக்கூடாது. தமிழில் எழுதுவோருக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. இக்கோப்பில் ஒரு வரி 75 பைட்டுக்குள் மடிக்கப்படவேண்டும்; ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டு பிடிப்பதால் இருபத்தைந்து குறிக்குள் இடம் தீர்ந்துவிடும். ஒரு குறியின் நடுவில் வரியை மடித்த நிரலால் ஆலயத்தின் பெயர் கேள்விக்குறிகளாகச் சிதறும். சபைக்குக் காட்டுமுன் மிக நீளமான பெயரைப் போட்டுச் சோதித்துவிடுவது நல்லது.

சபையின் மூத்தவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "விஞ்ஞாபனம் அச்சடிக்கிறோம், படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறோம், போதாதா?" என்று கேட்பது நியாயமே. அச்சு விஞ்ஞாபனத்தை நான் குறைசொல்லமாட்டேன். அது கையெழுத்துள்ள ஆவணம், பக்கத்தைவிட அதற்கே மதிப்பு. குறை அதன் படத்தில். படம் அனுப்பப்பட்ட கணத்தில் உறைந்துவிடுகிறது. நேரம் மாறினால் திருத்தம் வேறொரு படமாகப் போகும். முதல் படம் திரும்பிவராது. அடுத்த ஆண்டு யாரோ அதை மீண்டும் அனுப்புவார்கள், ஆண்டு எழுதப்படாத விஞ்ஞாபனம் என்றால் கண்டுபிடிப்பதும் கடினம். இதற்கு நம் முன்னோர் வைத்த ஒரு காவல் உண்டு: திகதியோடு கிழமையும் எழுதுவது. மார்ச் 3 என்பது 2026இல் செவ்வாய், 2027இல் புதன். கிழமை பொருந்தாத விஞ்ஞாபனம் ஒன்று பழையது, அல்லது பிழையானது. பக்கத்திலும் இந்தக் காவலை விடக்கூடாது. கிழமையைக் கணினி எழுதட்டும், சபைச் செயலாளர் கையால் எழுதிய கிழமையோடு அது பொருந்தாவிட்டால் வெளியிட மறுக்கட்டும். எடையும் ஒரு விஷயம். பத்து நாள் நிகழ்ச்சியை எழுத்தாக வைத்தால் இரண்டாயிரம் குறி, அதாவது ஆறு கிலோபைட்டு. அதையே கைபேசியில் படமெடுத்தால் சாதாரணமாக அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ஹந்தானையின் பின்புறமும் ரங்கலைப் பக்கமும் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் இடங்களில் ஆறு கிலோபைட்டு வந்துசேரும், படம் சுழன்றுகொண்டே இருக்கும்.

"முதியவர்களுக்குக் கைபேசி தெரியாது" என்ற எதிர்ப்பு இதைவிடக் கனமானது. அதற்கு விடை, பக்கத்தையும் அச்சையும் இரண்டாகச் செய்யாமலிருப்பது. ஒரே அட்டவணையிலிருந்து அச்சுத் தாளும் வரவேண்டும், கைபேசிப் பக்கமும் வரவேண்டும். அச்சகத்துக்குக் கொடுத்தது ஒன்று, பக்கத்தில் ஏற்றியது ஒன்று என்று இருந்தால் மூன்றாம் திருவிழாவுக்குள் இரண்டும் முரண்படும். தாளின் அடியில் "பெப்ரவரி 10 காலை 9.00 நிலவரப்படி" என்ற ஒரு வரி இருக்கட்டும். மதிலில் ஒட்டிய தாள் பழையதா என்று கேட்பவருக்கு அந்த வரியே பதில்.

பக்கத்தால் முடியாததையும் கடிதம் சொல்லவேண்டும். நாட்காட்டியைக் கைபேசியில் இணைத்துக்கொண்டவருக்குத் திருத்தம் உடனே போய்ச் சேராது. சில கைபேசிகள் பல மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், சில ஒரு நாள் எடுக்கும். மழையால் தேர் இரண்டு மணி தாமதம் என்றால் ஒலிபெருக்கியும் வட்ஸ்அப் குழுவும்தான் வழி. பிறர் கையிலுள்ள நேரமும் அப்படித்தான். கண்டி எசல பெரஹரவில் கடைசி ரந்தோலிக்குப் பிறகு கெட்டம்பேயில் நீர்வெட்டு முடிந்து, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வந்து, அங்கிருந்து பகல் பெரஹர புறப்படும். அந்த நாளின் நேரத்தைப் பிள்ளையார் கோயில் சபை வைப்பதில்லை. சுபநேரம் பார்த்து மற்றவர்கள் வைப்பது. ஆகவே அந்த வரியில் மணியும் நிமிடமும் போடுவது பொய்த் துல்லியம். "நீர்வெட்டுக்குப் பின்" என்று எழுதி, யாருடைய அறிவிப்பைப் பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்தால் போதும். மாத்தளைத் தேர்களுக்கும் இது பொருந்தும். கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் ஐந்து தேர் ஓடும்போது தேர் புறப்படும் நேரத்தைச் சபை சொல்லலாம். இருப்பிடம் சேரும் நேரத்தைத் தெருவும் கூட்டமும்தான் தீர்மானிக்கும்.

எஞ்சுவது, செய்துகொடுத்த பிள்ளை வெளிநாடு போய்விட்டால் என்ன என்ற கேள்வி. பலமான எதிர்ப்பு இதுதான், அடிக்கடி உண்மையாகவும் ஆகிறது. கடவுச்சொல் ஒருவரிடமே இருந்து, இணையப் பெயருக்கான ஆண்டுக் கட்டணம் அவருடைய அட்டையில் கட்டப்பட்டு, அவர் மறந்த நாளில் பக்கம் மறைந்துவிடும். தரவுத்தளம், உள்நுழைவு, செருகிகள் என்று பெரிதாகக் கட்டியவை முதலில் விழும். அவற்றுக்கு மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வேண்டும், அதைச் செய்ய ஆளில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பாக இருக்கவேண்டும் என்கிறேன்: செயலாளர் வழக்கமாகக் கணக்கெழுதும் கணினியில் திறந்து ஒரு கட்டத்தை மாற்றத் தெரிந்தால் போதும். இணையப் பெயர் சபையின் பெயரில் பதியப்படட்டும், கட்டணம் சபைக் கணக்கில் வரட்டும், கடவுச்சொல் உறையிலிட்டு உண்டியல் சாவியோடு இருக்கட்டும். நன்கொடைப் பொத்தான், படத்தொகுப்பு, நேரலை எல்லாம் இப்போது வேண்டாம். ஒவ்வொன்றும் இன்னொருவரின் வேலை.

கடிதம் எழுதப்போகும் தம்பி தங்கையருக்கு: சபையிடம் அனுமதி கேட்பதற்கு முன் குருக்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். 2027இல் மகம் பெப்ரவரி 20 சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கி மறுநாள் ஞாயிறு பிற்பகலில் முடிகிறது. நிலவு முழுமையடைவது ஞாயிறு விடியுமுன் ஐந்து மணியளவில். உங்கள் கோயிலுக்கு மாசி மகம் எந்த நாள், ஏன்? அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். அட்டவணையின் முதல் வரி அதுதான்.